லென்ஸுக்கும் பூநாரைக்கும் நடுவே

சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு செல்கிறது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத நீரும் சேறும். மார்கழி, தை மாதங்களில் பெரிய பூநாரைகள் அங்கே கூட்டம் கூட்டமாக இரை தேடும். சென்னையிலிருந்து இருட்டிலேயே கிளம்பி வருகிற புகைப்படக்காரர்கள் சாலையோரம் வண்டியை நிறுத்தி, ஜன்னலில் பீன் பேக் போட்டு, அதன்மேல் நீண்ட லென்ஸைக் கிடத்தி மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். தொலைவுப் படங்களைக் கெடுக்கும் கானலைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. சுடுகிற தார், காய்ந்த சேறு, வெயில் பட்ட வண்டி, பக்கத்தில் வர மறுக்கும் பறவை எல்லாம் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரி மாதம், காலை பதினோரு மணி. 600 மி.மீ. f/4 லென்ஸ், 45 மெகாபிக்சல் கேமரா. 200 மீட்டர் தள்ளி ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு பூநாரை. ஷட்டர் வேகம் 1/2000. ஃபோகஸ் புள்ளி கண்ணின் மேல்தான் இருக்கிறது. கேமராவின் சின்னத் திரையில் படம் நன்றாகவே தெரிகிறது. வீட்டில் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கினால் கழுத்தின் விளிம்பு கரைந்திருக்கிறது, அலகின் கறுப்பு முனை இளஞ்சிவப்போடு குழம்பியிருக்கிறது, வெளிர்மஞ்சள் கண் வெறும் புள்ளியாக நிற்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள லென்ஸ் இது. முதல் சந்தேகம் லென்ஸ் மேல்தான் விழும். அடுத்தது ஃபோகஸ் மேல், அதற்கடுத்தது கை நடுக்கத்தின் மேல். லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவில் இருக்கும் 200 மீட்டர் காற்று கண்ணுக்குத் தெரியாததால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பறவையைப் படம் பிடித்த ஒளியியல் அமைப்பில் மிக நீளமான பாகமும் மிக மோசமான பாகமும் அந்தக் காற்றுதான்.

முப்பது டிகிரி வெப்பத்தில் காற்றின் ஒளிவிலகல் எண் சுமார் 1.00026. வெற்றிடத்துக்கு அது 1. காற்று சூடானால் விரிகிறது, அடர்த்தி குறைகிறது, இந்த எண்ணும் இறங்குகிறது. ஒரு டிகிரி ஏறினால் இறங்கும் அளவு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய மாற்றம் எதையாவது செய்யுமா என்று தோன்றும். ஆனால் 600 மி.மீ. லென்ஸ் பார்க்கிற கோணங்களும் அதே அளவுக்குச் சிறியவை. வெயில் பட்ட தரை தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று துண்டு துண்டாகக் கிளம்பி மேலே போகிறது, குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு இறங்குகிறது, இரண்டும் கலந்து சுழல்களாக உடைகின்றன. மில்லிமீட்டர் அளவிலிருந்து மீட்டர் அளவு வரை இந்தச் சுழல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் மிகப் பலவீனமான ஒரு லென்ஸாக ஒளியைக் கொஞ்சம் வளைக்கிறது. வழியெங்கும் இப்படி ஆயிரக்கணக்கானவற்றைக் கடந்து வந்த ஒளிதான் கேமராவுக்குள் நுழைகிறது.

நெடுஞ்சாலையில் தூரத்தில் தண்ணீர் தேங்கியிருப்பதாகத் தோன்றும் கானல் நீரும் இதே வெப்பத்தால் வருவதுதான். ஆனால் அது தரையை ஒட்டிய வெப்ப அடுக்கு ஒழுங்காக ஒளியை வளைப்பதால் வருகிறது. நம் படத்தைக் கெடுப்பது ஒழுங்கில்லாத கலக்கம். கானல் நீர் கண்ணுக்கே தெரியாத நாளிலும் இந்தக் கலக்கம் இருக்கும்.

கலக்கத்தின் அளவைச் சொல்ல ஒளியியலில் ஓர் அகலத்தைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க அறிஞர் டேவிட் ஃபிரைடின் பெயரால் வழங்கும் அளவு அது. எத்தனை அகலமுள்ள லென்ஸ் வரைக்கும் அந்தக் காற்று முழுத் திறமையோடு வேலை செய்ய விடுகிறது என்பதே அதன் பொருள். நம் லென்ஸின் f/4 திறப்பு 150 மி.மீ. அகலம். நடுத்தரமான பகல் கானலில், 200 மீட்டர் தொலைவுக்கு, ஃபிரைட் அகலம் சுமார் 27 மி.மீ. என்று கணக்கு வருகிறது. உச்சி வெயிலில் தரையை ஒட்டிப் பார்த்தால் கலக்கம் பத்து மடங்கு கூடலாம். அப்போது அகலம் 7 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். எவ்வளவு பெரிய கண்ணாடியைக் கொண்டுபோனாலும், நுண்விவரத்தைப் பொறுத்தவரை அன்று நம் கையில் இருப்பது 7 மி.மீ. திறப்புள்ள ஒரு லென்ஸ்தான்.

இதைப் பறவையின் மேல் வைத்துப் பார்ப்பது எளிது. அந்தக் கேமராவின் ஒரு பிக்சல், 200 மீட்டரில், பூநாரையின் உடம்பில் ஏறக்குறைய 1.5 மி.மீ. இடத்தைப் பார்க்கிறது. நடுத்தரக் கானல் ஒவ்வொரு புள்ளியையும் சுமார் 4 மி.மீ. அகலத்துக்குப் பரப்புகிறது. கடும் கானல் 16 மி.மீ. வரை பரப்புகிறது. முதலாவதில் இறகின் நரம்புகள் போய்விடும். இரண்டாவதில் கண்ணே போய்விடும்.

1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரை மாட்டினால் என்ன ஆகும்? பிக்சல் பார்க்கும் இடம் 1 மி.மீ. ஆகக் குறையும், ஆனால் காற்று பரப்பும் 4 மி.மீ. அப்படியே இருக்கும். பறவை படத்தில் பெரிதாகும், கூடவே மங்கலும் பெரிதாகும், புதிதாக ஒரு விவரமும் வராது. இன்னும் நீளமான லென்ஸ் வாங்கினாலும் இதே கதைதான். தொலைவைக் குறைப்பது முற்றிலும் வேறு விஷயம். பறவையின் மேல் விழும் மங்கலின் அளவு தொலைவைவிட வேகமாகக் குறைகிறது: பாதித் தொலைவுக்கு வந்தால் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். 200 மீட்டரில் 4 மி.மீ. இருந்தது 100 மீட்டரில் 1.3 மி.மீ., 50 மீட்டரில் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. தொலைவைக் குறைப்பதற்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை. பூநாரையைத் துரத்தி நெருங்கச் சொல்லவில்லை; துரத்தினால் கூட்டமே எழுந்து பறந்துவிடும், இரை தேடும் நேரமும் அதற்குப் போய்விடும். நீர் எந்தப் பக்கம் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம் போய்க் காத்திருந்து, அவை தாமாக மேய்ந்து நெருங்கி வர விடுவதைத்தான் சொல்கிறேன்.

மங்கலுக்குக் காரணம் கானல்தானா என்று தெரிந்துகொள்ளாமல் லென்ஸைச் சரிபார்க்கக் கொடுப்பது வீண் செலவு. தொடர்ச்சியாக எடுத்த இருபது முப்பது படங்களைக் கணினியில் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத் தள்ளிப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். கை நடுக்கமாக இருந்தால் ஒரு படத்திலுள்ள எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். ஃபோகஸ் தவறியிருந்தால் பறவைக்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது கூர்மையாக இருக்கும். கானலாக இருந்தால் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடம் கெட்டிருக்கும். ஒன்றில் கண் தெளிவாகி அலகு குழம்பும், அடுத்ததில் அலகு தெளிவாகிக் கழுத்து வளையும். பூநாரையின் கால் இதைக் காட்ட வசதியானது. நேரான அந்த மெல்லிய கோடு நெளிந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பின்னணியையும் பாருங்கள். மென்மையாகக் கரைந்திருக்க வேண்டிய புல்லும் நீரும் இரட்டைக் கோடுகளாக, சொரசொரப்பாகத் தெரியும். கடைசியாக, அதே அமைப்பில் பத்து மீட்டரில் இருக்கும் ஒரு கல்லையோ கம்பத்தையோ எடுத்துப் பார்க்கலாம். அது கூர்மையாக வந்தால் லென்ஸ் நிரபராதி.

ஆட்டோஃபோகஸும் இதில் மாட்டிக்கொள்கிறது. லென்ஸின் வெவ்வேறு ஓரங்கள் வழியே வரும் ஒளியை ஒப்பிட்டுத்தான் அது தொலைவைக் கண்டுபிடிக்கிறது. ஓரங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு சுழல் வழியாகப் பார்க்கும்போது அந்த ஒப்பீடு தடுமாறுகிறது, ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது. பறவை நகராமல் நிற்கிறது என்றால் ஒருமுறை ஃபோகஸ் பிடித்து, லைவ் வியூவில் பெரிதாக்கிச் சரிபார்த்து, அதை அப்படியே பூட்டிவிடுவது நல்லது.

அந்த 200 மீட்டர் காற்றில் எல்லாப் பகுதியும் சமமாகக் கெடுக்கிறதா? இல்லை. ஒரு டிரேசிங் தாளைப் புத்தகப் பக்கத்தின் மேல் ஒட்டி வைத்தால் எழுத்துகளைப் படிக்க முடியும். அதே தாளைக் கண்ணுக்கு அருகில் தூக்கிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. கலங்கிய காற்றும் அப்படித்தான். பறவைக்குப் பக்கத்தில் வளையும் ஒளிக்கதிருக்கு அங்கிருந்து விலகிப் போக இடம் இருப்பதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் வளைகிற கதிரோ 200 மீட்டரையும் சேர்த்துத் தவறான திசையிலிருந்து வந்ததாகக் காட்டுகிறது. வழிநெடுகக் கலக்கம் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், கேமராவுக்கு அருகிலிருக்கும் முதல் 50 மீட்டர் காற்று மட்டுமே பாதிக்கும் மேற்பட்ட கெடுதலைச் செய்கிறது. பறவை பக்கத்துக் கடைசி 50 மீட்டரின் பங்கு வெறும் இரண்டரை சதவீதம்.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பயன்பட்ட தகவல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பறவை நிற்கும் இடத்தின் வெப்பத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. நாம் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியும், கெடுதலில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

முதலில் வண்டி. ஏசி போட்டுக்கொண்டு வந்த வண்டியில் கண்ணாடியை இறக்கியதும் உள்ளேயிருக்கும் குளிர்காற்றும் வெளியே இருக்கும் சூடான காற்றும் லென்ஸின் முகத்துக்கு நேராகவே கலக்கின்றன. கலக்கத்துக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. ஈரப்பதமுள்ள காலையில் குளிர்ந்த கண்ணாடியில் பனியும் படியும். போய்ச்சேர இருபது நிமிடம் இருக்கும்போதே ஏசியை நிறுத்தி, எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டால் வண்டியும் லென்ஸும் வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்துவிடும். நிறுத்தியதும் எஞ்சினை அணைக்க வேண்டும். பானெட்டிலிருந்து கிளம்பும் வெப்பம் முன் ஜன்னலுக்கு வெளியே அலையும் என்பதால் பின்னிருக்கை ஜன்னல் மேல். எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக, சாலையின் குறுக்கே, தார்மேல் பார்த்து எடுப்பதைத் தவிர்த்துவிட வேண்டும். வண்டியைத் திருப்பி அந்தப் பக்க ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த இரண்டு நிமிடம் கூட ஆகாது.

லென்ஸின் முன்னால் நீண்டு நிற்கும் ஹூடும் ஒரு சிறு அறைதான். வெயிலில் அதன் கறுப்புச் சுவர் சூடாகிறது, உள்ளேயிருக்கும் காற்றும் சூடாகிறது, அந்தக் காற்று கண்ணாடியின் முன்னாலேயே புரண்டுகொண்டிருக்கிறது. வண்டிக்குள் ஒரு வெப்பத்தில் இருந்த லென்ஸை வேறு வெப்பத்துக்கு வெளியே எடுத்ததும் இது இன்னும் கூடும். காற்றில்லாத காலையில் ஹூடைக் கழற்றிவிட்டுச் சில படங்கள், மாட்டிக்கொண்டு சில படங்கள் என்று எடுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் எவ்வளவு என்று அவரவருக்கே தெரிந்துவிடும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்போது ஹூடுக்குப் பெரிய வேலை இல்லை.

பிறகு காற்று வீசும் திசை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துப் பறவையை எடுத்தால், லென்ஸுக்கு முன்னால் ஏரி மேலிருந்து வரும் காற்று இருக்கும். தாரின் சூடும் வண்டியின் சூடும் நமக்குப் பின்னால் போய்விடும். எதிர்ப்பக்கம் திரும்பினால் சாலையின் வெப்பம் முழுவதும் நாம் பார்க்கும் பாதையிலேயே வழியும். சூளூர்பேட்டை சாலை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. வாடை வீசும் மாதங்களில் வடக்குப் பக்கத்துப் பறவைகள் இந்த வகையில் வசதியானவை. குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெளிச்சமும் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து பறவை மேல் நேராக விழும்.

இனி உயரம். பறவைப் படக்காரர்களிடம் ஆழமாக ஊறிய பழக்கம் தரையோடு தரையாகப் படுத்து எடுப்பது. பறவையின் கண்மட்டத்தில் பார்க்கலாம், பின்னணி தூரமாகிக் கரையும் என்பது காரணம். ஆனால் பகல் வெயிலில் கலக்கம் மிகக் கடுமையாக இருப்பதும் தரையை ஒட்டித்தான். உயரம் கூடக் கூட அது வேகமாகக் குறைகிறது. பார்க்கும் பாதை தரையிலிருந்து அரை மீட்டரில் இருப்பதை 2 மீட்டருக்கு உயர்த்தினால் மங்கல் மூன்றில் ஒரு பங்காகும். தொலைவைப் பாதியாக்கியதற்குச் சமமான ஆதாயம், எழுந்து நின்றதால் மட்டுமே.

படத்தின் அழகு கெடாதா என்று கேட்கலாம். பறவை 20 மீட்டரில் இருந்தால் கெடும். ஒன்றரை மீட்டர் எழுந்தால் பார்வைக் கோணம் நான்கு டிகிரிக்கு மேல் மாறிவிடும், பறவையைக் குனிந்து பார்க்கிற தோற்றம் வரும். 200 மீட்டரிலோ அந்த மாற்றம் அரை டிகிரிக்கும் குறைவு. நம் கண் 2 மீட்டரிலும் பூநாரையின் உடல் 1 மீட்டரிலும் இருந்தால், பார்வைக் கோடு பறவையைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் போய்த்தான் நீரைத் தொடும். பின்னணி அப்போதும் நன்றாகவே கரையும். கிட்டப் பறவைக்குப் படுப்பதும் எட்டப் பறவைக்கு எழுந்து நிற்பதும் சரி. கேமராவை உயர்த்தும்போது பாதை பறவையை நோக்கிச் சரிந்து இறங்குகிறது, அதன் உயரமான முனை நம் பக்கம் இருக்கிறது. கெடுதல் அதிகம் நடக்கும் பக்கமும் அதுதான் என்பதால் ஆதாயம் வீணாவதில்லை.

எதன் மேலாகப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். ஒரே தொலைவில் இரண்டு பறவைகள், ஒன்று காய்ந்து வெடித்த சேற்றுக்கு அப்பால், மற்றொன்று நீருக்கு அப்பால் என்றால் பகலில் நீருக்கு மேலாகப் பார்ப்பதையே தேர்ந்தெடுப்பேன். நீர் மெதுவாகச் சூடேறுகிறது, காற்றின் வெப்பத்திலிருந்து அதிகம் விலகுவதில்லை. குளிர்ந்த விடியலில் மட்டும் இது தலைகீழாகலாம். காற்று குளிர்ந்து, நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தால் அதன் மேலும் கலக்கம் எழும்.

கலக்கத்தை உண்டாக்குவது வெப்பம் அல்ல, தரைக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு. நாற்பது டிகிரி நாளில் தரையும் நாற்பதாக இருந்தால் படம் தெளிவாக வரும். பத்து டிகிரிக் காலையில் வெயில் பட்ட பாறை இருபதாக இருந்தால் வராது. இரவில் தரை காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கிறது, பகலில் சூடேறிக் கிடக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இரண்டும் சமமாகும் நேரம் ஒன்று வரத்தான் வேண்டும். காலையில் சூரியன் எழுந்து சுமார் ஒரு மணி நேரத்திலும், மாலையில் அது அடைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பும் அது வருகிறது. கலக்கம் அப்போது நண்பகலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பழவேற்காட்டில் ஜனவரியில் ஏழிலிருந்து எட்டு, எட்டரை வரை உள்ள நேரத்தை 200 மீட்டர் படங்களுக்கு ஒதுக்கி, அதற்குப் பிறகு கிட்ட வரும் பறவைகளை மட்டும் எடுப்பதே நல்ல திட்டம். நடுப்பகலில் திடீரென்று மேகம் மூடினால் உடனே லென்ஸைத் தூக்குங்கள். சில நிமிடங்களிலேயே சேற்றின் மேலுள்ள கலக்கம் தணிந்துவிடும். தார் மட்டும் தன் சூட்டை விடுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் மிதமான கானல் மிஞ்சியிருக்கும். அங்கேதான் கேமராவின் அமைப்புகளுக்கு வேலை. காற்று வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்றால் 3 செ.மீ. சுழல் ஒன்று தன் அகலத்தைக் கடக்க 1/100 வினாடி போதும். ஷட்டர் அதைவிட அதிக நேரம் திறந்திருந்தால் பல சுழல்களின் பிழைகள் ஒரே படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து சீரான மங்கலாகிவிடும். 1/1000 அல்லது அதற்கும் வேகமாகப் போனால் ஒரு கணத்தின் பிழை மட்டும் பதிவாகும். படம் நெளிந்திருக்கலாம், ஆனால் சில இடங்கள் கூர்மையாக இருக்கும், சில படங்கள் அதிர்ஷ்டவசமாக நன்றாகவே வரும்.

இந்த அதிர்ஷ்டத்துக்கும் கணக்கு உண்டு. ஃபிரைட் 1978ல் அதை வெளியிட்டார்: லென்ஸின் திறப்பு காற்றின் அகலத்தைவிட எத்தனை மடங்கு பெரிதோ, நல்ல படம் கிடைக்கும் வாய்ப்பு அத்தனை வேகமாகச் சரியும். நம் f/4 திறப்பின் 150 மி.மீ. அகலத்தை 27 மி.மீ. காற்றோடு வைத்துப் பார்த்தால் நூறில் நான்கு படம் தேறும். திறப்பை f/8க்கு, அதாவது 75 மி.மீ. அகலத்துக்குச் சுருக்கினால் பெரும்பாலான படங்கள் தேறும் எல்லைக்குள் வந்துவிடுகிறோம். 75 மி.மீ. திறப்பு இயல்பாகவே அனுமதிக்கும் நுட்பம் 200 மீட்டரில் 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, ஒரு பிக்சலைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆகவே சுருக்கியதால் இழப்பும் சிறிது. நல்ல வெயிலில் f/8, 1/1600, ஐஎஸ்ஓ 400 என்பது தாராளமாகக் கிடைக்கும் அமைப்பு. லென்ஸை எப்போதும் முழுத் திறப்பில் வைக்கும் பழக்கத்தைக் கானல் நாட்களிலாவது விட்டுவிடலாம். கடும் கானலில் இது உதவாது. காற்றின் அகலம் 7 மி.மீ. ஆகிவிட்ட பிறகு f/4ல் வாய்ப்பு பூஜ்யம், f/8லும் ஏறக்குறைய பூஜ்யம்.

இன்னொரு வரம்பும் உண்டு. இந்த வாய்ப்பு படம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. நம் 200 மீட்டர் பாதையில் ஒன்றாகச் சேர்ந்து தெளிவாகும் பகுதியின் அகலம், பறவையின் உடம்பில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. கிட்டத்தட்ட பூநாரையின் கண் அளவு. அதனால்தான் ஒரே படத்தில் கண் தெளிந்தும் அலகு குழம்பியும் வருகிறது. வினாடிக்கு இருபது படம் என்று தொடர்ந்து எடுத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து கண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் நடைமுறை. கண் கூர்மையாக இருந்தால் பார்ப்பவர் மீதியை மன்னித்துவிடுகிறார்.

நகராத பொருளாக இருந்தால் இந்த வரம்பையும் தாண்டலாம். தூரத்துக் கலங்கரை விளக்கம், ஏவுதளக் கோபுரம், நிலவு ஆகியவற்றை நூறு படம் எடுத்து, AutoStakkert மாதிரி வானியல் மென்பொருளில் கொடுத்தால் அது படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தெளிவான படங்களைத் தனித்தனியே தேர்ந்தெடுத்து, நெளிவைச் சரிசெய்து ஒன்றாகச் சேர்க்கும். தலையை இறகுக்குள் செருகித் தூங்கும் பூநாரைக்கும் இது ஓரளவு பலிக்கும்.

வடிகட்டிகளிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். தூசியாலும் ஈரத்தாலும் வரும் வெண்மூட்டம் வேறு, கானல் வேறு. முன்னதை போலரைசரும் மென்பொருளின் மூட்டம் நீக்கும் வசதியும் குறைக்கும். கானலுக்கு அவற்றால் பலன் இல்லை. அகச்சிவப்புக் கேமராவும் மூட்டத்தை நன்றாக ஊடுருவும், ஆனால் கானல் மங்கலை அது பத்து சதவீதம் குறைத்தாலே அதிகம்.

வீடியோவில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. 4K வீடியோவின் ஒரு பிக்சல் 200 மீட்டரில் 3 மி.மீ.க்கு மேல் பார்க்கிறது. ஆகவே நடுத்தரக் கானலின் 4 மி.மீ. மங்கல் அங்கே பெரிதாக உறுத்தாது. உறுத்துவது அலைவு. 1/50 ஷட்டரில் ஒவ்வொரு சட்டமும் அலைவைத் தனக்குள் சராசரியாக்கிக்கொள்ளும். விளிம்புகள் மென்மையாகும், துடிப்பு குறையும். 1/1000ல் ஒவ்வொரு சட்டமும் கூர்மையாகும், ஓட விட்டால் விளிம்பெல்லாம் துடிக்கும். இரை தேடும் காட்சியை இயல்பான வேகத்தில் காட்டப்போகிறோம் என்றால் மெதுவான ஷட்டரே பார்க்க இதமானது. பிறகு மென்பொருளில் வேலை செய்வதாக இருந்தால் வேகமான ஷட்டரும் வினாடிக்கு 50 அல்லது 100 சட்டமும் வேண்டும். கேமரா அசையாத முக்காலியில் இருக்க வேண்டும், ஃபோகஸ் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

அந்த வேலையின் எளிய வடிவம் ffmpegல் ஒரே வரி:

```
ffmpeg -i poonarai.mp4 -vf "tmedian=radius=5" -crf 16 out.mp4
```

ஒவ்வொரு பிக்சலுக்கும் முன்னே ஐந்து, பின்னே ஐந்து, நடுவில் ஒன்று என்று பதினொரு சட்டங்களைப் பார்த்து அவற்றின் இடைநிலை மதிப்பை இது எடுத்துக்கொள்கிறது. விளிம்பு இங்கும் அங்கும் துள்ளினாலும் அதிக நேரம் எங்கே இருந்ததோ அங்கே நின்றுவிடும். கரையும் கம்பங்களும் தூரத்துப் பனைகளும் அமைதியாகிவிடுவதை உடனே பார்க்கலாம். காணாமற்போன நுண்விவரம் திரும்பி வராது. சற்றே கூர்மையாக்கினால் போதும், அதிகம் கூட்டினால் விளிம்பில் வெள்ளைக் கோடு விழும். 50 சட்ட வீடியோவில் பதினொரு சட்டம் என்பது வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். அதற்குள் வேகமாக நகரும் எதையும் இந்த வடிகட்டி அழித்துவிடும். நடக்கும் பூநாரையின் கால் பாதியில் மறையும், சேற்றைக் கிளறும் அலகு பட்டையாகக் கரையும். அப்படிப்பட்ட காட்சியில் வடிகட்டிய வீடியோவைக் கீழேயும் அசல் வீடியோவை மேலேயும் எடிட்டரில் அடுக்கி, பறவை இருக்கும் பகுதிக்கு மட்டும் ஒரு மாஸ்க் வரைந்து அசலைத் தெரியவிடலாம். நின்று இரை தேடும் பறவைகளுக்கு மாஸ்க்கை அடிக்கடி நகர்த்த வேண்டியிருக்காது. கூட்டமாக நடக்கும் பறவைகள் என்றால் radius மதிப்பை 2க்குக் குறைத்து, மிஞ்சுகிற அலைவோடு விட்டுவிடுவதுதான் வழி.